துபாசி வேண்டாத வீடு

தியானப் பகுதி: ஆதியாகமம் 42 முதல் 48 வரை



யோசேப்பின் சரித்திரம் நமக்குத் தெரியாததல்ல. பலவருண அங்கி தெரியும், குழி தெரியும், போத்திபாரின் வீடு தெரியும், பார்வோனின் சொப்பனம் தெரியும். ஞாயிறு பள்ளியிலே படம் ஒட்டிப் படித்தவர்கள்தானே நாம். ஆனால் அந்தச் சரித்திரத்தில் ஒரு சின்ன ஆள் வருகிறான். அவனுக்குப் பேரும் இல்லை, ஊரும் இல்லை. ஆதியாகமம் 42-ம் அதிகாரம் 23-ம் வசனத்திலே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். அவன்தான் துபாசி. இந்த மாதம் அவனைக்குறித்துத் தியானிப்போம்.

துபாசி என்றால் இரண்டு பாஷை பேசுகிறவன், இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் மாற்றிச் சொல்லுகிறவன். அந்தக் காலத்து மதராசிலும் புதுச்சேரியிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குத் துபாசிகள் இருந்தார்கள். வியாபாரத்துக்குத் துபாசி வேண்டும்தான். ஆனால் ஒரே தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு நடுவிலே துபாசி எதற்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

யோசேப்பு விற்கப்பட்டபோது அவனுக்கு 17 வயது. இந்தக் காலத்துக் கணக்கிலே பிளஸ் டூ படிக்கிற பையன். 30 வயதிலே பார்வோனுக்கு முன்பாக நின்றான். பின்பு பூரணமான வருஷங்கள் 7. சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தினபோது பஞ்சத்தில் 2 வருஷம் கடந்திருந்தது. கூட்டிப் பாருங்கள், வீட்டை விட்டு வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன் பேச்சு எகிப்தியப் பேச்சு, உடுப்பு எகிப்திய உடுப்பு, அவன் பேருக்கும் பார்வோன் வேறு பேர் வைத்துவிட்டான். ஆனாலும் கானானிலிருந்து தானியம் வாங்க வந்தவர்கள் பேசினது அவனுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. புரிந்தும் பதில் சொல்லவில்லை. துபாசியை நடுவில் நிறுத்திவிட்டு, அந்நியனைப்போலக் கடினமாய்ப் பேசினான்.

புரிகிறது, ஆனால் பேசமாட்டான். பிரியமானவர்களே, இந்தப் பையனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் நம்முடைய சேலையூரிலே பார்த்தேன்.

பாட்டியும் பேரனும்

குடும்பத்தாருடைய சம்மதத்தோடு, பேர் சொல்லாமல் இதை எழுதுகிறேன். தாத்தாவுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாம்பரம் எலக்ட்ரிக் ரயில் ஷெட்டிலே பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டி அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்தவர்கள். கேம்ப் ரோட்டுக்கு உள்ளே சொந்த வீடு. ஒரே மகன் அமெரிக்காவிலே கம்ப்யூட்டர் வேலை. பேரன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். 2023-ம் வருஷம் ஜூன் மாதம், அவனுடைய 14-வது வயதிலே, பள்ளி விடுமுறைக்குத் தனியாக வந்தான். 10 வாரம் இருக்க ஏற்பாடு.

வந்த முதல் நாளே தமிழ் பேசமாட்டேன் என்று தீர்மானமாக நின்றுவிட்டான். தாத்தாவுக்கு ரயில்வே இங்கிலீஷ் தெரியும். அவரிடத்தில் இங்கிலீஷிலே சொல்லுவான், அவர் பாட்டிக்குத் தமிழிலே சொல்லுவார். பாட்டி கேட்டதை அவனுக்கு இங்கிலீஷிலே திருப்புவார். சாப்பாட்டு மேஜையிலே மூன்று பேர், அதில் ஒருவர் துபாசி. பாட்டி ராத்திரியிலே அழுவார்கள். "பெத்த பிள்ளையோட பிள்ளை, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே பாஸ்டர்" என்று என்னிடத்தில் சொன்னார்கள்.

உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? திமிர் என்றார்கள். வெள்ளைக்காரப் புத்தி என்றார்கள். மருமகள் வளர்ப்பு என்று கூடச் சொன்னார்கள். ஆனால் பாட்டி ஒன்றைக் கவனித்திருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் அடுப்படியில் இருந்தபடியே, யாரையும் பார்க்காமல், "மழை இருட்டிக்கிட்டு வருது, மாடியில துணி கெடக்கு" என்று சொன்னார்களாம். பையன் எழுந்து போய்த் துணியை எடுத்துக்கொண்டு வந்து கட்டில்மேல் வைத்துவிட்டு, மறுபடியும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பாருங்கள், இதுதான் சோதித்துப் பார்க்கும் வழி. கையைக் காட்டாமல், இங்கிலீஷ் வார்த்தை கலக்காமல், சாதாரணமாக ஒரு காரியத்தைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை செய்தால் அவனுக்குள்ளே பாஷை இருக்கிறது, வாய்தான் அடைபட்டிருக்கிறது. செய்யாமல் விழித்தால் அவன் பேச மறுக்கவில்லை, அவனுக்குப் பாஷையே போய்ச் சேரவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை பேசுவதற்கு முன்னே மாதக்கணக்காகக் கேட்கவேண்டும். இரண்டு பிள்ளைகளையும் ஒரே தராசிலே நிறுக்கக்கூடாது. நம்முடைய பையன் முதல் வகை. யோசேப்பு வகை.

வாய் ஏன் அடைபட்டது?

யோசேப்பின் வாயை அடைத்தது என்ன? பெருமை அல்ல, காயம். அவன் சொப்பனத்தைச் சொன்னபோது சகோதரர் பகைத்தார்கள். சொப்பனக்காரன் வருகிறான் என்று பரிகாசம் பண்ணினார்கள். அந்தப் பாஷையிலே அவன் கடைசியாய்க் கேட்டது, தன்னை விலை பேசின பேச்சு. அந்தப் பாஷையிலே திரும்பவும் வாய் திறப்பது லேசான காரியமா?

இந்தப் பையனுடைய காயம் அவ்வளவு பெரிதல்ல. ஆனால் பிள்ளைக்கு அதுவே பெரிது. அவனுக்கு 6 வயதிருக்கும்போது பல்லாவரத்திலே ஒரு கல்யாணம். தாத்தாவைப் பார்த்து, "தாத்தா, நீ வா" என்று கூப்பிட்டிருக்கிறான். பந்தியிலே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு மாமா அவனைப் "பழம்" என்று சொல்லச் சொல்லி, அவன் "பலம்" என்று சொல்ல, இன்னொரு தரம் சொல்லு, இன்னொரு தரம் சொல்லு என்று நாலு பேருக்கு முன்னே வேடிக்கை காட்டினார். அன்பாகத்தான் செய்தார். ஆனால் அன்றைக்குப் பிள்ளையின் மனதிலே ஒரு கதவு சாத்திக்கொண்டது.

இதிலே பிள்ளையின் தப்பு என்ன? இங்கிலீஷிலே சின்னவருக்கும் பெரியவருக்கும் ஒரே வார்த்தைதான். வீட்டிலே அப்பா அம்மா அவனை "நீ" என்று கூப்பிட்டார்கள், அவன் காதிலே விழுந்த வார்த்தை அதுதான். "நீங்க" என்பதை அவன் பிறரிடத்தில் பேசக் கேட்டால்தானே வரும்? தமிழ்நாட்டுப் பிள்ளை ஒரு நாளைக்கு நூறு தரம் அதைக் கேட்கிறது. பஸ்ஸிலே, கடையிலே, சபையிலே கேட்கிறது. அங்கே நாலு சுவருக்குள்ளே இரண்டு பேர் பேசுகிறதை மட்டும் கேட்கிற பிள்ளைக்கு அது மரியாதைக் குறைவு அல்ல, கேளாத குறைவு.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடியோ கால். போனை அவன் முகத்துக்கு முன்னே நீட்டி, "தமிழ்ல சொல்லு, பாட்டிக்கு ஸ்தோத்திரம் சொல்லு, என்ன சாப்பிட்டேன்னு தமிழ்ல சொல்லு." பாட்டிக்கு அது பாசம். பையனுக்கு அது பரீட்சை. அதுவும் வாராவாரம் தோற்கிற பரீட்சை. தோற்கிற பரீட்சைக்கு எந்தப் பிள்ளை விரும்பி உட்காருவான்? பேசாமல் இருந்தால் தோற்கவேண்டியதில்லை. இப்படித்தான் மௌனம் அவனுக்கு அடைக்கலமாயிற்று.

நெகேமியா யாரை அடித்தான்?

இந்த இடத்திலே சிலர் நெகேமியா 13-ம் அதிகாரத்தை எடுப்பார்கள். யூதருடைய பிள்ளைகளில் பாதிப்பேர் அஸ்தோத் பாஷை பேசினார்கள், யூத பாஷை பேசத் தெரியவில்லை என்று 24-ம் வசனத்தில் வாசிக்கிறோம். உடனே அடுத்த வசனத்திலே நெகேமியா கடிந்துகொண்டான், அடித்தான், மயிரைப் பிடுங்கினான். ஆகையால் நாமும் கண்டிக்கவேண்டும் என்பார்கள். கொஞ்சம் நிதானமாய் வாசியுங்கள். அவன் யாரை அடித்தான்? பிள்ளைகளையா? இல்லை. தகப்பன்மாரை. அங்கே அவன் வழக்கு புறஜாதியாருடைய தேவர்களிடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற விவாகத்தைப்பற்றியது. பிள்ளைகளின் பாஷை அவனுக்கு அடையாளமாய் மட்டும் இருந்தது. பாஷை தெரியாத பிள்ளையின்மேல் அவன் கை வைத்ததாக வேதத்தில் இல்லவே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ் பேசினால்தான் பரலோகம் என்று யாரும் எண்ணவேண்டாம். சிங்காசனத்துக்கு முன்பாக நிற்கிற திரளான கூட்டம் சகல பாஷைக்காரரிலும் இருந்து வந்தது என்று வெளிப்படுத்தின விசேஷம் 7-ம் அதிகாரம் சொல்லுகிறது. பெந்தெகொஸ்தே நாளிலே கலிலேயர் பேசினதை அவரவர் தங்கள் ஜென்மபாஷையிலே கேட்டார்கள். ஜென்மபாஷை என்கிற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். ஆவியானவர் எல்லாரையும் ஒரே பாஷைக்குள் இழுக்கவில்லை. அவரவர் தாய்மடியிலே கேட்ட பாஷைக்குள்ளே இறங்கி வந்தார். அப்படியானால் பாட்டியின் ஜென்மபாஷை தமிழ், பேரனுடைய வாய் இங்கிலீஷ். நடுவிலே எதைக் கொண்டு பாலம் போடுவது? இந்தக் கேள்விதான் அந்த வீட்டிலே நின்றது.

பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியிலே பாடமாகப் போதிக்கிறார்கள். அப்படியிருந்தும் அங்குள்ள இந்தியரில் வீட்டிலே அதிகமாகப் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் 2010-ம் வருஷக் குடிமதிப்பிலே நூற்றுக்கு 36.7 பேர், 2020-ல் 27.9 பேர். பத்தே வருஷத்துக்குள் இந்த இறக்கம். பாடமாய்க் கற்ற பாஷை பரீட்சையோடு நின்றுவிடும். ஒரு ஆளிடத்திலே பேசவேண்டிய தேவை இருந்தால்தான் அது வாயிலே நிற்கும்.

துபாசி ஊருக்குப் போனார்

ஜூலை மாதம் தாத்தாவின் ஊரிலே ஒரு துக்க காரியம். அவர் தாம்பரத்திலே நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிப் போய்விட்டார், திரும்ப 4 நாள். வீட்டிலே பாட்டியும் பேரனும் மாத்திரம். துபாசி இல்லை.

முதல் நாள் முழுவதும் மௌனம்தான். பாட்டியும் வற்புறுத்தவில்லை. அவர்கள் அதற்கு முன்னமே வீட்டாரிடத்தில், "அவன விட்டுருங்க, பேசும்போது பேசட்டும்" என்று சொல்லிவிட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் தண்ணீர் கேன் போடுகிறவர் வந்து வாசலிலே நின்று எத்தனை என்று கேட்டார். பாட்டி குளியல் அறையிலே. பையன் வாசலுக்குப் போய், "ரெண்டு கேன், அண்ணா" என்றான். அவ்வளவுதான். பாட்டிக்கு உள்ளே கேட்டது, ஆனால் வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆகா ஓகோ என்று கைதட்டவில்லை. அதுதான் ஞானம். முதல் வார்த்தை உறவுக்காரரிடத்தில் வரவில்லை, வெளி ஆளிடத்தில் வந்தது. ஏன்? தண்ணீர் கேன்காரருக்கு அவனுடைய பழைய கதை தெரியாது. அவர் "பழம் சொல்லு" என்று கேட்கமாட்டார். அவருக்கு வேண்டியது எத்தனை கேன் என்பது மட்டும்.

அன்று ராத்திரி பாட்டி வழக்கம்போல வேதம் வாசிக்க உட்கார்ந்தார்கள். அவர்கள் சத்தமாய்த்தான் வாசிப்பார்கள், எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி. பையனைக் கூப்பிடவில்லை. அவனே வந்து பக்கத்திலே உட்கார்ந்து, பக்கத்தை எட்டிப் பார்த்தான். எழுத்து தெரியாது, ஆனால் எண் தெரியுமே. அதிகாரம் 42 என்று பார்த்தான். தன் போனிலே இங்கிலீஷ் வேதத்திலே அதே அதிகாரத்தைத் திறந்துகொண்டான். பாட்டி ஒரு வசனம் வாசித்தால், அவன் அதே எண்ணுள்ள வசனத்தைத் தன் பாஷையிலே மனதிலே வாசித்துக்கொண்டான். யாரும் கற்றுக்கொடுக்காத பாடம். வேதத்திலே அதிகாரமும் வசனமும் எந்தப் பாஷையிலும் பெரும்பாலும் ஒன்றுதான். அந்த எண்கள்தான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவிலே போடப்பட்ட பாலத்தின் பலகைகள்.

23-ம் வசனம் வந்தது. பையன் நிறுத்தினான். "பாட்டி, துபாசி யாரு?" என்று கேட்டான். வந்து ஐந்து வாரத்துக்கு அப்புறம் பாட்டியிடத்திலே பேசின முதல் தமிழ். பாட்டிக்கு அந்த வார்த்தைக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க தாத்தாதான்" என்றார்கள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பல்லாவரம் கல்யாணத்திலே அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு வேறு, அவனோடேகூடச் சிரித்த இந்தச் சிரிப்பு வேறு.

இதிலே நம்முடைய சபைக்கும் ஒரு பாடம் உண்டு. நம்முடைய வேதத் தமிழ் வேறு, அடுப்படித் தமிழ் வேறு. வெளிநாட்டிலே வளர்கிற பிள்ளைக்குச் "சாப்பிட்டியா" தெரியும், "போஜனம்பண்ணினான்" தெரியாது. "உங்க வீடு" தெரியும், "உம்முடைய வாசஸ்தலம்" தெரியாது. ஆராதனையிலே அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பின்மாற்றக்காரன் என்று முடிவு கட்டவேண்டாம். அது அவனுக்கு இரண்டாம் தமிழ், யாரும் அவனுக்குச் சொல்லித் தராத தமிழ். முதலாவது கதையைப் பேச்சுத் தமிழிலே சொல்லுங்கள், அப்புறம் வசனத்தை வாசியுங்கள். ஏன், இங்கே குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் இங்கிலீஷ் மீடியம் படிக்கிற நம் பிள்ளைகளுக்கும் இதே நிலைதானே.

மெதுவாய் மாறின இருதயம்

அன்றைக்கே எல்லாம் மாறிவிட்டது என்று சாட்சி எழுதினால் அது பொய்ச் சாட்சியாகும். அடுத்த வாரம் உறவுக்காரர்கள் வந்தபோது பையன் மறுபடியும் வாயை மூடிக்கொண்டான். யோசேப்பைப் பாருங்கள். 42-ம் அதிகாரத்திலே அவர்களை விட்டு அப்புறம் போய் அழுதான், திரும்பி வந்து கடினமாயிருந்தான். 43-ம் அதிகாரத்திலே பென்யமீனைக் கண்டு அறைக்குள்ளே போய் அழுதான், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடக்கிக்கொண்டான். 45-ம் அதிகாரத்திலேதான் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுச் சத்தமிட்டு அழுதான். நடுவிலே கானானுக்கும் எகிப்துக்கும் எத்தனை நடை! ஒரே நாளிலே உடைந்த இருதயம் அல்ல அது.

முக்கியமாக ஒன்று பாருங்கள். அவன் வெளிப்பட்டபோது அறையிலே வெளியாட்கள் ஒருவரும் இல்லை. துபாசியும் இல்லை. 12-ம் வசனத்திலே தன் வாய்தான் அவர்களோடே பேசுகிறது என்பதை அவர்களுடைய கண்களே காணட்டும் என்கிற கருத்திலே சொல்லுகிறான். அடையாளத்துக்கு மோதிரத்தைக் காட்டவில்லை, இரதத்தைக் காட்டவில்லை. வாயைக் காட்டினான். அடைபட்ட வாய் திறக்கவேண்டுமானால் வேடிக்கை பார்க்கிறவர்கள் முதலாவது வெளியே போகவேண்டும்.

பாட்டி வீட்டிலே அதுதான் நடந்தது. உறவுக்காரர்கள் வரும் நாளில் பேசச் சொல்லுவதை நிறுத்தினார்கள். ராத்திரி வாசிப்பு மாத்திரம் தொடர்ந்தது, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வசனம். அவன் தப்பாகப் பேசினால் பாட்டி திருத்தமாட்டார்கள். "நான் நேத்து கடைக்குப் போறேன்" என்று அவன் சொன்னால், "நேத்து போனியா? என்ன வாங்கின?" என்று கேட்பார்கள். சரியான வார்த்தை அவன் காதிலே விழுந்துவிட்டது, ஆனால் தப்பு என்கிற வார்த்தை விழவில்லை. மறுநாள் அவனே "போனேன்" என்பான். சில நாள் சொல்லமாட்டான். பரவாயில்லை.

வளர்ந்த ஆளுக்கே இந்தத் தாழ்மை வேண்டும். 1706-ம் வருஷம் ஜூலை மாதம் தரங்கம்பாடியிலே வந்து இறங்கின சீகன்பால்குக்கு வயது சுமார் 24. ஜெர்மனியிலே வேதசாஸ்திரம் படித்தவர். அவர் திண்ணைப் பள்ளியிலே சின்னப் பிள்ளைகளோடே தரையில் உட்கார்ந்து மணலிலே விரலால் தமிழ் எழுத்து எழுதிப் படித்தார். அவருடைய "ழ" முதல் நாளே சரியாக வந்திருக்குமா? அப்படி எழுதின கைதான் புதிய ஏற்பாட்டைத் தமிழிலே மொழிபெயர்த்தது. 1715-க்குள் அது முழுவதும் அச்சாகிவிட்டது. அவரைத் தரையிலே உட்காரவிட்ட அந்தப் பள்ளியைப்போல நம்முடைய வீடும் இருக்கவேண்டாமா?

எது நஷ்டமாய்ப் போக இருந்தது?

ஆகஸ்ட் முதல் வாரம், அவன் புறப்பட இன்னும் பத்து நாள். ராத்திரி வாசித்து முடித்தபிறகு பையன் கேட்டானாம்: "பாட்டி, தாத்தா தூங்கும்போது ஏன் நெஞ்சுல சத்தம் வருது?" அப்போதுதான் பாட்டி தன் சாட்சியைச் சொன்னார்கள். 1976-ம் வருஷம். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், தாத்தாவுக்குக் காசநோய். தாம்பரம் சானடோரியத்திலே சேர்த்தார்கள். அந்த நாட்களிலே காசநோய் என்றால் மாதக்கணக்காக ஊசியும் மாத்திரையும், சொந்தக்காரர் பாத்திரத்தைக்கூடத் தனியாய் வைப்பார்கள். பாட்டிக்கு அப்போது ஆண்டவரைத் தெரியாது. ஆஸ்பத்திரியிலே பக்கத்துக் கட்டில்காரருடைய மனைவி ஒருவர் தினமும் சாப்பாடு கொண்டுவந்து, அவர்களுக்கும் ஒரு பிடி கொடுத்து, கையைப் பிடித்து ஜெபித்திருக்கிறார். அந்த அம்மாளின் புருஷன் பிழைக்கவில்லை. ஆனாலும் அடக்கம் முடிந்த மறுவாரமே சாப்பாட்டுத் தூக்கோடு மறுபடியும் வந்தார். "புருஷன் செத்த பிறகும் எனக்குச் சோறு கொண்டுவந்தாளே, அவ தெய்வம் எப்படிப்பட்ட தெய்வம்னு அன்னைக்குத்தான் கேட்டேன்" என்றார்கள் பாட்டி. தாத்தா சுகமாகி வேலைக்குத் திரும்பினார். நெஞ்சிலே ஒரு வடு மட்டும் நின்றுவிட்டது. அந்தச் சத்தம்தான் பேரன் கேட்டது.

பிரியமானவர்களே, அந்தச் சாட்சி இங்கிலீஷிலே இல்லை. தகப்பனுக்குத் தெரியும், ஆனால் அவசர வேலையிலே மகனுக்குச் சொன்னதில்லை. தாத்தா துபாசியாய் இருந்து சொல்லியிருந்தால், "ஐ ஹாட் டி.பி., காட் ஹீல்டு மீ" என்று முடித்திருப்பார். சோற்றுத் தூக்கு போயிருக்கும். அந்த அம்மாள் போயிருப்பார். சாட்சியின் உயிரே போயிருக்கும். முதிர்வயதும் நரைமயிருமான காலத்திலே தேவனுடைய வல்லமையை அடுத்த சந்ததிக்கு அறிவிக்கும்வரைக்கும் தன்னைக் கைவிடவேண்டாம் என்று 71-ம் சங்கீதத்திலே ஒரு கிழவர் ஜெபிக்கிறார். அவர் சொல்ல ஆயத்தம்தான். கேட்கிற காது வேண்டுமே. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன், ஆனாலும் பாட்டி லோவிசாளின் விசுவாசம் ஐனிக்கேயாள் வழியாக அவனுக்கு வந்து சேர்ந்தது என்று பவுல் எழுதுகிறார்.

பையன் அந்தச் சாட்சியை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிப் போனிலே பதிவு செய்துகொண்டு போனான். அவன் இன்றைக்கும் தமிழ் வாசிக்கமாட்டான். "ழ" இன்னும் சரியாய் வரவில்லை. தாத்தாவைச் சில நேரம் "நீ" என்றுதான் சொல்லுகிறான். ஆனால் சனிக்கிழமை வீடியோ காலிலே இப்போது பரீட்சை இல்லை. பாட்டி பத்து வசனம் வாசிக்கிறார்கள், அவன் எண்ணைப் பார்த்துப் பின்தொடருகிறான், புரியாத வார்த்தையைக் கேட்கிறான். தாத்தா பக்கத்திலே உட்கார்ந்து சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். துபாசி வேலையிலிருந்தும் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்!

யாக்கோபின் மடியிலே

யோசேப்புக்கு எகிப்திலே ஆஸ்நாத்திடத்தில் பிறந்த பிள்ளைகள் மனாசேயும் எப்பிராயீமும். தாய் எகிப்து தேசத்தாள். தாத்தா யாக்கோபு வந்து சேர்ந்தபோது அவர்கள் சிறு பிள்ளைகள். அதற்குப்பின் தாத்தா அந்தத் தேசத்திலே 17 வருஷம் இருந்தார். அவர்கள் எந்தப் பாஷையிலே பேசிக்கொண்டார்கள் என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் 48-ம் அதிகாரத்தில் கண் மங்கின தாத்தா முதலாவது என்ன செய்தார்? உன் பாஷை என்ன, உன் உச்சரிப்பு என்ன என்று கேட்கவில்லை. கிட்டச் சேர்த்து முத்தமிட்டு அணைத்துக்கொண்டார். இவர்கள் என்னுடையவர்கள் என்றார். அப்புறம்தான் தலையிலே கை வைத்து, தன்னை ஆயுள் முழுவதும் ஆதரித்த தேவனைக்குறித்து வாய் திறந்தார். அணைப்பு முன்னே, வார்த்தை பின்னே.

இந்த வருஷம் விடுமுறைக்கு மீனம்பாக்கத்திலே வந்து இறங்கப்போகிற நம் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்! தாத்தா பாட்டிமாரே, வாசலிலேயே "தமிழ்ல சொல்லு" என்று பரீட்சை வைக்காதிருங்கள். மாமா அத்தைமாரே, அவர்கள் நாக்கை வேடிக்கையாக்காதிருங்கள். பெற்றோரே, துபாசியாய் நடுவில் நிற்பதை விட்டுக் கொஞ்சம் ஊருக்குப் போய் வாருங்கள், இரண்டு பேரையும் தனியே விடுங்கள். ராத்திரியிலே ஒரு அதிகாரத்தைத் திறந்து, எண்ணைக் காட்டி, உங்கள் பாஷையிலே நீங்கள் வாசியுங்கள், அவன் பாஷையிலே அவன் வாசிக்கட்டும். அவன் ஒரு வார்த்தை கேட்கிற நாள் வரும். அன்றைக்குச் சொல்ல உங்கள் சாட்சியை ஆயத்தமாய் வைத்திருங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, தூர தேசத்திலே வளர்கிற எங்கள் பேரப்பிள்ளைகளை உம்முடைய கரத்திலே ஒப்புக்கொடுக்கிறோம். பரிகாசத்தினாலே அடைபட்ட வாய்களைத் திறந்தருளும். எங்கள் முதியோருக்குப் பொறுமையையும், கேட்கிற பிள்ளைகளையும் தாரும். நீர் எங்களுக்குச் செய்த நன்மை எங்களோடே மண்ணுக்குள் போகாதபடி காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபம் கேளும், நல்ல பிதாவே. ஆமென். அல்லேலூயா!